நிறத்தை விட்டுவிட்டு நிழலைத் திருத்துவோம்

பள்ளி ஆண்டு மலருக்கோ அறிவிப்புப் பலகைக்கோ பிள்ளைகளைப் படம் எடுக்க நமக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் மதிய இடைவேளைதான். உச்சி வெயில், தலைக்கு நேர் மேலிருந்து வெளிச்சம். புருவமேட்டின் நிழல் கண்குழியை மூடிவிடும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். நெற்றியும் கன்னமேடும் பளபளக்கும், கண்கள் மட்டும் இருட்டில் கிடக்கும். பிள்ளை நன்றாகச் சிரித்திருந்தாலும் அந்தச் சிரிப்பு படத்தில் கண்வரை வந்து சேராது.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியம், கைப்பேசியில் படத்தைத் திறந்து மொத்த வெளிச்சத்தையும் ஏற்றிவிடுவது. கண் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் ஏற்கெனவே வெளிச்சமாக இருந்த நெற்றியும் சேர்ந்து ஏறி வெளுத்துவிடும். முகம் தட்டையாகி, மாநிறப் பிள்ளை வேறு யாரோ போலத் தெரிவாள். அழகூட்டும் ஃபில்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் நிறத்தையே மாற்றிவிடுகின்றன. எங்கள் பள்ளியில் குழுப்படம் அச்சாகி வந்தபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "என்னை மட்டும் வெள்ளையாக்கிட்டாங்க டீச்சர்" என்றாள். படத்தைத் திருத்தியவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை.

தேவைப்பட்டது நிறமாற்றம் அல்ல. கண்குழியில் கிடந்த நிழலைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் போதும். அப்படி முகத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் சற்று வெளிச்சமாக்குவதும், வேறொரு பகுதியைச் சற்று இருட்டாக்குவதும்தான் புகைப்படக்காரர்கள் 'டாட்ஜ் அண்ட் பர்ன்' என்று சொல்லும் முறை. டாட்ஜ் என்றால் வெளிச்சமாக்குவது, பர்ன் என்றால் இருட்டாக்குவது. ஓவிய ஆசிரியர் ஒரு வட்டத்தை வரைந்து, ஓரத்தில் பென்சிலால் நிழல் ஏற்றி அதைப் பந்தாக்கிக் காட்டுவாரே, அதே வேலைதான். வட்டத்தின் கோடு மாறுவதில்லை, நிழல் மட்டுமே அதற்கு உருட்சி தருகிறது.

பெயர்கள் இருட்டறைக் காலத்தவை. அங்கே உருப்பெருக்கியின் விளக்கொளி நெகடிவ் வழியாகக் கீழே உள்ள காகிதத்தில் விழும். காகிதத்தில் வெள்ளி உப்புகள் பூசப்பட்டிருக்கும். எங்கே அதிக ஒளி படுகிறதோ அந்த இடம், ரசாயனக் கரைசலில் இட்டதும் அதிகம் கறுக்கும். ஆகவே ஓர் இடம் வெளிச்சமாக வரவேண்டுமானால் அங்கே ஒளியைக் குறைக்க வேண்டும். 20 விநாடி ஒளி தர வேண்டிய படத்தில், மெல்லிய கம்பியின் முனையில் ஒட்டிய சிறு அட்டை வட்டத்தை 4 விநாடி கண்களுக்கு மேலே பிடித்தால் கண்களுக்கு 16 விநாடிதான் கிடைக்கும், அவை சற்று வெளுத்து வரும். இது டாட்ஜ். துளையிட்ட பெரிய அட்டை வழியாக ஓர் இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில விநாடி ஒளி தந்தால் அந்த இடம் கறுக்கும். இது பர்ன். இரண்டிலும் அட்டையை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அட்டையின் விளிம்பு காகிதத்தில் கோடாக விழுந்துவிடும். இன்றைய செயலிகளில் டாட்ஜ் கருவியின் படக்குறி கம்பி முனையில் ஒரு வட்டமாக இருப்பது இந்த அட்டையின் நினைவாகத்தான்.

எவ்வளவு கணக்காக இதைச் செய்தார்கள் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் மழையில் நடந்துவரும் நடிகர் ஜேம்ஸ் டீனை 1955இல் டென்னிஸ் ஸ்டாக் எடுத்த புகழ்பெற்ற படம் அது. மேக்னம் நிறுவனத்தின் இருட்டறையில் அச்சிடுபவராக இருந்த பாப்லோ இனிரியோ, அந்தப் படத்தின் ஒரு பிரதிமேல் கோடுகளும் வட்டங்களுமாகப் போட்டு, எந்த இடத்துக்கு எவ்வளவு ஒளி கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று எண்களால் குறித்துவைத்திருக்கிறார். அச்சான படத்தைப் பார்த்தால் யாருக்கும் இத்தனை கைவேலை நடந்திருப்பது தெரியாது.

இனி நம் கணினிக்கு வருவோம். நான் இங்கே சொல்லப்போவது ஜிம்ப் என்ற செயலியின் 2.10 பதிப்பில் செய்வது. இலவசமாகக் கிடைப்பது, லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். அதில் `Dodge / Burn` என்று தனிக் கருவியே இருக்கிறது. ஆனால் அது படத்தின் மீதே நேரடியாக வேலை செய்யும். நாளைக்குப் பார்த்து 'கொஞ்சம் அதிகமாகிவிட்டது' என்று தோன்றினால் பின்வாங்க வழியில்லை. அதனால் படத்தின்மேல் ஒரு சாம்பல் நிற அடுக்கை விரித்து, அதில் மட்டும் வேலை செய்வது நல்லது. அடியில் உள்ள படம் அப்படியே இருக்கும்.

படத்தைத் திறந்ததும், முன்வண்ணத்தைச் சொடுக்கி `808080` என்று தட்டச்சு செய்யுங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரியாக நடுவில் உள்ள சாம்பல் அது. பிறகு `Layer > New Layer...` போய், `Mode` என்ற இடத்தில் `Soft light`, `Fill with` என்ற இடத்தில் `Foreground color` தேர்ந்தெடுத்துச் சரி கொடுங்கள். புதிய அடுக்கு வந்துவிடும், ஆனால் படத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அதுதான் சரி. இந்த முறையில் நடுச்சாம்பல் ஒன்றும் செய்யாது. அதைவிட வெளுத்த இடம் அடியில் உள்ள படத்தை வெளிச்சமாக்கும், அதைவிடக் கறுத்த இடம் இருட்டாக்கும்.

இந்த `Soft light` முறைக்கு ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். நடுத்தர வெளிச்சமுள்ள இடங்களில்தான் இதன் வேலை அதிகம். முழு வெள்ளையையும் முழுக் கறுப்பையும் இது அசைக்காது. வெயிலில் சுத்தமாக வெளுத்துப்போன நெற்றியில் எத்தனை முறை கறுப்பைத் தடவினாலும் அங்கே தோல் திரும்பி வராது. அங்கே பதிவான விவரமே இல்லை. அப்படிப்பட்ட படத்தை விட்டுவிட்டு, பிள்ளையை வேப்பமர நிழலுக்கு அழைத்துப்போய் மறுபடி எடுப்பதே குறைந்த வேலை.

அடுத்து தூரிகை. `P` விசையை அழுத்தினால் `Paintbrush` வரும். தூரிகைகளில் ஓரம் மிக மென்மையாக உள்ள `2. Hardness 025` எடுத்துக்கொள்ளுங்கள். `D` அழுத்தினால் முன்வண்ணம் கறுப்பும் பின்வண்ணம் வெள்ளையுமாகும், `X` அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். `Opacity` மிகக் குறைவாக இருக்கட்டும்: வெள்ளைக்கு 5, கறுப்புக்கு 10. இந்தச் செயலியில் வெள்ளை சற்று வேகமாக ஏறுகிறது என்பதால் இந்த வித்தியாசம். முதல் தடவலில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பொறுமையில்லாமல் 40, 50 என்று ஏற்றிவிடுவதுதான் எல்லாரும் செய்வது. ஒரே அழுத்தலில் எத்தனை முறை தேய்த்தாலும் அளவு கூடாது. மவுஸை விட்டுவிட்டு மறுபடி அழுத்தித் தடவும்போதுதான் அடுத்த பூச்சு ஏறும். இப்படி நாலைந்து பூச்சில் வரவேண்டிய மாற்றம் ஒரே பூச்சில் வந்தால் அது கறையாகத்தான் தெரியும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மைதானத்தில் மதியம் எடுத்த ஒரு மாணவியின் படம், மார்பளவு. அவளிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். தூரிகையைத் தொடுவதற்கு முன் அளந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். `O` அழுத்தினால் `Color Picker` வரும். அதில் `Sample merged`, `Sample average` இரண்டையும் குறியிட்டுக்கொள்ளுங்கள். முதலாவதைக் குறியிடாவிட்டால் படத்தை விட்டுவிட்டு நம் சாம்பல் அடுக்கைத்தான் அது அளக்கும். `Shift` விசையுடன் சொடுக்கினால் ஒரு சிறு தகவல் பெட்டி வரும், அதில் `HSV` தேர்ந்தெடுத்தால் `V` என்பது அந்த இடத்தின் வெளிச்ச அளவு, நூற்றுக்கு இத்தனை என்று. இந்தப் படத்தில் நெற்றி 66, கன்னமேடு 58, கழுத்து 42, கண்குழி 26.

எல்லாவற்றையும் சமமாக்குவது நோக்கமல்ல. கண்குழி குழியாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகம் முகமாக இருக்காது. 26ஐ 35 அளவுக்குக் கொண்டுவந்தால் கண் தெரியும், நிழலும் மிச்சம் இருக்கும். நெற்றியின் 66 அப்படியே நிற்க வேண்டும். அதுதான் அவளுடைய நிறத்துக்கு நான் வைத்துக்கொள்ளும் சாட்சி.

முகத்தின் அகலம் படத்தில் சுமார் 800 பிக்சல் என்றால், கண்குழிக்கு 60 பிக்சல் அளவுத் தூரிகை சரியாக இருக்கும். வெள்ளையை எடுத்து, மூக்கின் அடியிலிருந்து புருவத்துக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு தடவல். பிறகு கீழ் இமைக்குக் கீழே உள்ள நிழலில் ஒரு தடவல். இரண்டு கண்ணுக்கும் மாறிமாறிச் செய்தேன். ஒரு கண்ணை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. மூன்றாவது பூச்சில் அளந்தபோது 31, ஐந்தாவதில் 34. அங்கே நிறுத்திவிட்டேன். மூக்கு நிழல் விழுந்த மேலுதட்டில் இரண்டு பூச்சு. கருவிழியில், ஒளிப்புள்ளி விழும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்தின் கீழ்ப்பாதியில் 15 பிக்சல் தூரிகையால் இரண்டு தொடுதல். கண்ணில் இயற்கையாகவே அந்தப் பக்கம்தான் சற்று வெளிச்சம் தேங்கும். விழியின் வெண்பகுதியைத் தொடவில்லை. அதை வெளுக்கவைத்தால் பிள்ளை பொம்மை போலப் பார்ப்பாள்.

பர்ன் வேலை இந்தப் படத்தில் குறைவு. தாடையின் கீழ்விளிம்பிலும், கன்னத்தின் பின்பக்கம் காதுக்கு முன்னாலும் 120 பிக்சல் தூரிகையால் கறுப்பை மூன்று பூச்சு தடவினேன். வெளிச்சம் மேலிருந்து வந்திருக்கிறது, ஆகவே கீழ்நோக்கித் திரும்பும் பரப்புகள் இருட்டாக இருப்பதே இயல்பு. ஏற்கெனவே உள்ள அந்தப் போக்கைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், அவ்வளவுதான். அதற்கு எதிராகத் தாடைக்குக் கீழே வெளிச்சமும் நெற்றியில் இருட்டும் வைத்திருந்தால், கீழிருந்து டார்ச் அடித்த பேய்க்கதைப் படம் ஆகியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் சாம்பல் அடுக்கின் `Mode`-ஐச் சிறிது நேரம் `Normal` என்று மாற்றிப் பாருங்கள். படம் மறைந்து, நீங்கள் தடவியது மட்டும் தெரியும். சாம்பல் பரப்பில் பனிமூட்டம் போல வெளுப்பும் கறுப்பும் கரைந்து கிடந்தால் நல்லது. எங்காவது வட்டமோ பட்டையோ விளிம்போடு தெரிந்தால் அது முகத்திலும் தெரியும். அதற்கு `Filters > Blur > Gaussian Blur...` போய், அளவை 10 முதல் 15 வரை வைத்து அந்த அடுக்கை மட்டும் கலைத்துவிடலாம். ஓர் இடம் தேவையே இல்லை என்றால் மறுபடி `808080` சாம்பலால் தடவினால் அது அழிந்துவிடும். பிறகு மறக்காமல் `Soft light`-க்குத் திரும்புங்கள்.

தவறு எங்கே நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கப் படத்தைப் பெரிதாக்காதீர்கள், சிறிதாக்குங்கள். தபால்தலை அளவில் வைத்து, ஓவியர்கள் செய்வது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் விவரங்கள் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். அப்போது முகம் மட்டும் தனியாக மிதந்தால் அது அதிகம். கழுத்தும் காதும் ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று தெரிவதுதான் இதில் அடிக்கடி நேரும் கேடு, அது நான் மேலே சொன்ன அந்தக் குழுப்படத்தின் கேடும்கூட. முடியோரத்தில் ஒளிவட்டம் போலத் தெரிந்தால் தூரிகை முகத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. இருட்டாக்கிய கன்னம் செங்கல் நிறமாகச் சிவந்தால் கறுப்பு அதிகமாகிவிட்டது. மூன்றுக்கும் முதல் மருந்து ஒன்றே: அந்த அடுக்கின் `Opacity`-ஐ 100லிருந்து 60, 70க்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். இந்தப் படத்தில் நானும் 80க்கு இறக்கினேன். கடைசியாக அளந்தபோது கண்குழி 33, நெற்றி 66, கழுத்து 42.

பருக்கள், தழும்புகள், கண்ணுக்குக் கீழே உள்ள மச்சம் இவற்றை நான் தொடுவதில்லை. ஒவ்வொரு தோல்துளையாகச் சரிசெய்யும் நுணுக்கமான டாட்ஜ் அண்ட் பர்ன் விளம்பரப் படங்களில் உண்டு, மணிக்கணக்கில் நடக்கும். நம் மலருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அதேபோல அடையாள அட்டை, தேர்வு நுழைவுச்சீட்டு போன்றவற்றுக்கான படங்களில் இந்த வேலையே கூடாது. ஆளை அடையாளம் காட்டுவதற்கான படம் எடுத்தபடியே இருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர் பிள்ளைகளின் படத்தில் கைவைக்கும் முன் தம் முகத்தில் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். பதினைந்து நிமிடம் போதும். காலையில் வகுப்பறை ஜன்னலுக்கு நேர் எதிராக நின்று, ஜன்னலைப் பார்த்தபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நேராக முகத்தில் விழக் கூடாது, வானத்து வெளிச்சம் மட்டும் வரட்டும். முகத்தின் இருபாதியிலும் சம வெளிச்சம் இருக்கும், நிழலே அதிகம் இல்லாத தட்டையான படம். பயிற்சிக்கு அதுதான் தேவை.

சாம்பல் அடுக்கை விரித்து, முகத்தின் ஒரு பாதியில் மட்டும் வேலை செய்யுங்கள். மூக்கின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. வெள்ளையால் மூன்று இடங்கள்: புருவத்துக்கு மேலே நெற்றியின் உள்பக்கம், கன்னமேட்டின் உச்சி, கண்ணுக்குக் கீழே உள்ள நிழல். கறுப்பால் மூன்று இடங்கள்: நெற்றிப்பொட்டு, கன்னமேட்டுக்குக் கீழே உள்ள பள்ளம், தாடையின் ஓரம். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சந்தேகம் வந்தால் கண்ணை மூடி விரலால் உங்கள் முகத்தைத் தடவிப் பாருங்கள், எலும்பு சொல்லிவிடும். ஒவ்வோர் இடத்திலும் நான்கு பூச்சு, அதற்குமேல் வேண்டாம். இங்கே நெற்றியிலும் வெள்ளை தொடுவதால், அளந்து பார்க்கும் சாட்சியைக் கழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கணினி கைவசம் இல்லாதவர்கள் கைப்பேசியில் ஸ்நாப்சீட் செயலியில் இதே பயிற்சியைச் செய்யலாம். `Brush` கருவிக்குள் `Dodge & Burn` இருக்கும். வெளிச்சத்துக்கு +5, இருட்டுக்கு −5 மட்டும் போதும், 10ஐத் தொட வேண்டாம். அதில் விரலின் அகலம் மாறாது என்பதால், பெரிய இடங்களுக்குப் படத்தைச் சிறிதாக்கியும் கண்ணுக்கு அருகே பெரிதாக்கியும் தடவ வேண்டும். 0 வைத்துத் தடவினால் போட்டது அழியும்.

முடித்ததும் ஜிம்ப்பில் `File > Save` கொடுத்தால் அடுக்குகளோடு `.xcf` கோப்பாகச் சேமிக்கும், அடுத்த நாளும் திருத்தலாம். மற்றவர்களுக்குக் காட்டும் பிரதியை `File > Export As...` வழியாக `.jpg` ஆக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியை, என்ன செய்தீர்கள் என்று சொல்லாமல், சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். "இந்தக் கன்னத்துல என்ன கறை?" என்று கேட்டால் பூச்சு அதிகம். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றால் இன்னும் ஓரிரு பூச்சு தாங்கும். "இந்தப் பக்கம் முகம் கொஞ்சம் தெளிவா இருக்கு, ஏன்னு தெரியலை" என்று சொன்னால், அந்த அளவைக் குறித்துவைத்துக்கொண்டு மறுபாதியையும் அதே அளவில் முடித்துவிடலாம்.